கல்லாவில் எண்ணூற்று எண்பத்தெட்டு

சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள மலைப்பொருள் கடையில், அத்தாயி உட்காரும் நாற்காலிக்குச் சக்கரம் உண்டு. ஐந்தில் ஒன்று எப்போதோ கழன்று ஓடிவிட்டது. மீதி நான்கை வைத்துக்கொண்டே அவள் மிளகு டப்பாவுக்கும் கல்லாவுக்கும் இடையே, எழாமலே போய்வருவாள். மலையில் குண்டூர் நாடு என்னும் பகுதியில் அவள் ஊரிலிருந்து சக்கரத்தின் மேல் உட்கார்ந்து சம்பாதிப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் லாரி டிரைவர். இன்னொருத்தி இவள். லாரி டிரைவருக்காவது மூட்டை ஏற்றி இறக்கும் வேலை உண்டு என்பது அத்தாயியின் கருத்து.

இந்த நாற்காலிக்கு வருவதற்கு முன் அவள் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியிருக்கிறாள், வாழைத்தார் சுமந்திருக்கிறாள், பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வெங்காயம் உரித்திருக்கிறாள். அங்கெல்லாம் "ஏய்" என்று கூப்பிட்டவர்கள், இங்கே கல்லாவுக்கு முன்னால் வந்து "அக்கா, சில்லறை இருக்குமா?" என்று குழைகிறார்கள். இந்தக் குழைவுக்காகவே, சில்லறை இருந்தாலும் கொஞ்ச நேரம் தேடுவதுபோல் பாவனை செய்வாள். அவள் புருஷன் மாதேஸ்வரன் மிளகுக்கொடிக்குக் காவல். வீட்டிலும் உட்கார்ந்த இடத்திலிருந்து சொம்பு கேட்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டதாக அவர் அங்கலாய்ப்பார்.

கடையின் முதலாளி சின்னுசாமி அடிவாரத்துக்காரர். காலை முதல் பஸ்ஸில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளிலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்து இறங்குவார். மாலை அதேபோல் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிப்போவார். இடைப்பட்ட நேரத்தில் அவர் கண் முழுக்கத் திறந்திருக்கும். அவருடைய தத்துவம் ஒன்றே ஒன்று: கல்லாவில் கை வைக்கிறவள் வேறு, கல்லாவை எண்ணுகிறவன் வேறு. பகலெல்லாம் பணம் வாங்குவதும் பாக்கி கொடுப்பதும் அத்தாயி. சாயங்காலம் எண்ணுவது அவர். அந்த நேரத்தில் வேறு யார் கண்ணும் பணத்தின்மேல் படக்கூடாது.

"அத்தாயி, வாசலக் கூட்டிப்போடு கண்ணு" என்பார். அவள் விளக்குமாற்றோடு வெளியே போவாள். கல்லாப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு லட்சுமி படத்துக்குக் கீழே, சுவரைப் பார்த்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்காருவார். ஐந்நூறு ஒரு அடுக்கு, இருநூறு ஒரு அடுக்கு, நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று இறங்கி, நாணயங்களில் ஐந்து, இரண்டு, ஒன்று வரைக்கும் பிரிப்பார். பத்து ரூபாய் நாணயத்தை அவர் கடைக்குள்ளேயே விடுவதில்லை. ஒவ்வொரு அடுக்கையும் உதடு மட்டும் அசைய எண்ணி, ஒரு துண்டுச் சீட்டில் ஐந்நூறு பெருக்கல் இத்தனை, இருநூறு பெருக்கல் இத்தனை என்று வரிசையாக எழுதி, கடைசியில் கூட்டிக் கோடு போடுவார். சீட்டைப் பணத்தோடு ரப்பர் போட்டு, மஞ்சள் பையில் திணித்து, வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி ருக்குமணியிடம் கொடுப்பார். அடுத்த நாள் அவள் பேங்கில் கட்டுவாள். காலையில் கடைக்கு வேண்டிய சில்லறை, ஆயிரம் ரூபாய்க்கு, ஒரு சுருக்குப்பையில் வீட்டிலிருந்து வரும்.

"எஞ்சீட்டுல இருக்கறதும் பேங்குச் சீட்டுல இருக்கறதும் ஒரு ரூவா மாறினதில்லீங்க. எத்தனை வருசம்!" என்று சின்னுசாமி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அது சத்தியமான வார்த்தை. அந்தச் சத்தியத்தில்தான் கோளாறே இருந்தது என்பது பிறகு தெரியவந்த விஷயம்.

அந்த வருடங்களில் கடைக்குப் பில் கிடையாது. சாயங்காலம் எண்ணி வருவது எதுவோ அதுதான் அன்றைய வியாபாரம். கல்லாவைத் தப்பு சொல்ல ஆளே இல்லை. அந்த ஆளைச் சின்னுசாமியின் மகன் கோகுல்நாத் வாங்கிவந்தான். என்ஜினீயரிங் படித்துவிட்டு அப்பாவின் கடையை நவீனப்படுத்துவதை மட்டும் வேலையாக வைத்திருந்த பிள்ளை அவன். கையடக்கமான ஒரு பில் மெஷின். மிளகு கால் கிலோ என்று அமுக்கினால் சீட்டு வரும். போனில் ஸ்கேன் பண்ணிப் பணம் போட்டால் அதைத் தனியாக வைக்கும், ரொக்கத்தைத் தனியாக வைக்கும். சாயங்காலம் ஒரு பொத்தானை அமுக்கினால் நாள் முழுக்க வந்த ரொக்கம் எவ்வளவு என்று துப்பிவிடும்.

முதல் நாள் துப்பியது பதினாலாயிரத்து முந்நூற்று இருபத்தேழு. காலைச் சில்லறை ஆயிரத்தைச் சேர்த்தால் கல்லாவில் பதினைந்தாயிரத்து முந்நூற்று இருபத்தேழு இருக்க வேண்டும்.

சின்னுசாமியின் சீட்டு வேறு சொன்னது. ஐந்நூறு பதினாறு, எட்டாயிரம். இருநூறு எட்டு, ஆயிரத்து அறுநூறு. நூறு முப்பது, மூவாயிரம். ஐம்பது பதின்மூன்று, அறுநூற்று ஐம்பது. இருபது இருபத்தாறு, ஐந்நூற்று இருபது. பத்து நாற்பத்தைந்து, நானூற்று ஐம்பது. ஐந்து ரூபாய் இருபத்தேழு, நூற்று முப்பத்தைந்து. இரண்டு ரூபாய் முப்பது, அறுபது. ஒரு ரூபாய் இருபத்து நான்கு. ஆக மொத்தம் பதினாலாயிரத்து நானூற்று முப்பத்தொன்பது.

"எண்ணூத்தி எண்பத்தெட்டு ஒதைக்குதே" என்றார் சின்னுசாமி.

கோகுல்நாத் போன் கால்குலேட்டரில் எல்லாவற்றையும் மறுபடி பெருக்கிக் கூட்டினான். அப்பாவின் பெருக்கலில் தப்பில்லை, கூட்டலில் தப்பில்லை. "அப்ப கல்லாவுல தாம்பா தப்பு" என்றான். படித்த பிள்ளை அதற்குமேல் யோசிக்கத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

மறுநாளும் எண்ணூற்று எண்பத்தெட்டு. அதற்கடுத்த நாளும். ஒரு நாள் மட்டும் அறுநூற்று எண்பத்தெட்டு. அன்று கல்லாவில் இருநூறு ரூபாய் நோட்டே இல்லை. கோகுல்நாத் நகத்தைக் கடித்தபடி கண்டுபிடித்தான்.

"ஒவ்வொரு வகையிலயும் ஒண்ணு போகுதுப்பா. ஐந்நூறுல ஒண்ணு, இருநூறுல ஒண்ணு, அப்படியே ஒரு ரூவா காசுல ஒண்ணு வரைக்கும். கூட்டிப் பாருங்க, எண்ணூத்தி எண்பத்தெட்டு. இருநூறு இல்லாத நாள்ல அதைத் தொடல."

"அத்தனை நேர்த்தியான திருடு" என்று சின்னுசாமி ஏறக்குறைய மரியாதையோடு சொன்னார்.

சோளக்காடு முழுக்க விஷயம் பரவ ஒரு பஸ் வந்து போகும் நேரம் போதுமானதாக இருந்தது. எட்டு, எட்டு, எட்டு என்றால் எட்டுக்கை அம்மன்தான் தன் பங்கைக் கேட்கிறாள் என்றார்கள் வாழைக்காய் விற்பவர்கள். அம்மனுக்கு ஒரு ரூபாய்க் காசு எதற்கு என்று கேட்டவனை மற்றவர்கள் முறைத்தார்கள். கூட்டுத்தொகை இருபத்து நாலு, அதைக் கூட்டினால் ஆறு, ஆறு சுக்கிரனுக்கு உரியது, எனவே கடையில் இருக்கும் பெண்ணைக் கவனி என்று ஒரு ஜோசியர் போனிலேயே சொல்லி, போனிலேயே காசு வாங்கிக்கொண்டார். கோகுல்நாத் கேமரா மாட்டினான். அது அத்தாயியின் இரண்டு கைகளையும் நாள் முழுக்கப் பார்த்தது. முதலாளி எண்ணுகிற மூலை அதன் கண்ணில் படாது. அங்கே என்ன இருக்கிறது பார்ப்பதற்கு?

அத்தாயிக்குக் கேமரா முதலில் பிடித்துத்தான் இருந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பாக்கிச் சில்லறையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக் கொடுத்தாள். அது தனக்காக மாட்டப்பட்டதல்ல, தன்மேல் மாட்டப்பட்டது என்பது, கிழங்கு விற்கும் மாராயி கடைப்படியில் உட்கார்ந்து சொன்னபோதுதான் உறைத்தது.

"உன்னயத்தான் கள்ளின்னு பேசிக்கறாங்க புள்ள."

"யாரு பேசறா?"

"யாரு பேசலன்னு கேளு. சீக்கிரஞ் சொல்லிப்போடலாம்."

வியாழக்கிழமை சாயங்காலம் சின்னுசாமி விளக்குமாற்றை அவள் கையில் கொடுக்கவில்லை. தொண்டையைச் செருமினார். "அத்தாயி, நாஞ் சந்தேகப்படல கண்ணு. ஆனா காசு கொறயுது பாரு. நாளைக்கு வெள்ளிக்கெழம. ருக்குமணியும் கோயிலுக்குனு வாரா. எட்டுக்கை அம்மங்கிட்ட கற்பூரம் ஏத்தி, நான் எடுக்கலன்னு சத்தியம் பண்ணிப்போடு. பண்ணிட்டு..."

"பண்ணிட்டு வந்து உக்காந்துக்கறதுங்களா?"

"பண்ணிட்டுக் கொஞ்ச நாள் ஊட்டுல இரு. கோகுல் பாத்துக்குவான்."

சத்தியம் பண்ணினாலும் வேலை போகும், பண்ணாவிட்டாலும் போகும். அவள் வீட்டுக்குப் போய் மாதேஸ்வரனிடம் சொன்னாள். அவர், "கெழங்கு புடுங்கறதுக்கு மறுக்கா ஆள் கேக்கறாங்க" என்றார். ஆறுதல் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து பழகிய முதுகு மறுபடி வளையும் என்பதுகூட அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கள்ளி என்ற பெயரோடு வளைய வேண்டுமே என்பதுதான் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்ததால் சுற்றுலாக் கூட்டம் குறைவு. பிற்பகல் பஸ்ஸில் ருக்குமணி வந்து இறங்கினாள். இரண்டு கையிலும் கனமான வளையல், ஒரு கையில் கற்பூரப் பொட்டலம். கோயிலுக்குப் போக ஆட்டோ பேசப்பட்டிருந்தது. அத்தாயி நாற்காலியிலிருந்து எழவில்லை.

"சத்தியம் பண்றனுங்க. அதுக்கு முந்தி ஒண்ணு. இன்னைக்குக் கல்லாவ எல்லாரும் பாக்க எண்ணோணும். ரோட்டைப் பாத்து, வாயத் தொறந்து, சத்தமா. கொறஞ்சா நானே எறங்கிப் போயிடறேன்."

"கண்ணு படும்" என்றார் சின்னுசாமி.

"எம்மேல இத்தன கண்ணு பட்டுதே, நான் செத்தா போயிட்டேன்?"

மாராயி கிழங்குக் கூடையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். ஆட்டோ டிரைவர் வந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்களும் வந்தார்கள். பஸ்ஸே வந்தபோது பாதிப் பேர் ஏறவில்லை. இனி முதுகைக் காட்டுவதற்கு இடமில்லாமல் போகவே, சின்னுசாமி கல்லாப் பெட்டியை மேசைமேல் கவிழ்த்து அடுக்குகளாகப் பிரித்தார். கோகுல்நாத் மெஷினை அமுக்கிச் சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

முதலில் ஐந்நூறு. சின்னுசாமி மேல் நோட்டை எடுத்தார். கண்ணை மூடினார். நோட்டை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "லாபம்!" என்று உருக்கமாகச் சொல்லி, தனியாக வைத்தார். பிறகு கண்ணைத் திறந்து, வேறு மனிதராக மாறி, மளமளவென்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." என்று ஒன்பது வரை போய் நிறுத்தினார். சீட்டில் ஐந்நூறு பெருக்கல் ஒன்பது, நாலாயிரத்து ஐந்நூறு என்று எழுதினார்.

கூட்டத்தில் யாருக்கும் அது புதிதாகப் படவில்லை. லாபம் என்று ஆரம்பிப்பது அந்தப் பக்கத்து வழக்கம்தான். மாராயி மட்டும் எறும்பு கடித்தாற்போல் புருவத்தைச் சுருக்கினாள்.

அடுத்தது இருநூறு. மழை நாள் அல்லவா, ஒரே ஒரு நோட்டுதான் இருந்தது. சின்னுசாமி கண்ணை மூடினார், ஒற்றிக்கொண்டார், "லாபம்!" என்றார், வைத்தார். கண்ணைத் திறந்து அடுத்த நோட்டைத் தேடினார். இல்லை. பேனாவை எடுத்து, பழக்கப்பட்ட கையால், இருநூறு பெருக்கல் சைபர், சைபர் என்று எழுதினார்.

"மொதலாளி" என்றாள் அத்தாயி. "அந்த நோட்டு எங்கீங்க?"

"இதா."

"காயிதத்துல எங்கீங்க?"

சின்னுசாமி நோட்டைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். மேசைமேல் மஞ்சளாகப் படுத்துக்கொண்டிருந்த அந்த இருநூறு ரூபாய்க்குக் கணக்கில் இடமில்லை.

"அடக் கடவுளே!" என்று மாராயி கையைத் தட்டினாள். "நாங்க வள்ளத்துல ராகி அளக்கறப்ப லாபம்னா அதான் ஒண்ணு. அடுத்தது ரெண்டு. நீங்க லாபத்தையுஞ் சொல்லிப்போட்டு, மறுக்கா ஒண்ணுல இருந்தா கெளம்புவீங்க?"

"மண்டியில இப்படித்தான்..." என்று ஆரம்பித்தார் சின்னுசாமி. சின்ன வயதில் அடிவாரத்து மண்டியில் அளவுகாரர் லாபம் சொல்வதைப் பயபக்தியோடு பார்த்தவர் அவர். அந்தப் பயபக்தியில் கண்ணை மூடிக்கொண்டதால், அடுத்து என்ன சொன்னார்கள் என்று கவனிக்கத் தவறியிருக்கிறார்.

அத்தாயி நாற்காலியை ஒரு தள்ளு தள்ளி மேசைக்கு வந்தாள். "லாபம், ரெண்டு, மூணு" என்று ஐந்நூறை எண்ணினாள். பத்து. இருநூறு ஒன்று. கடைசி ரூபாய்க் காசு வரைக்கும் எண்ணி முடித்தாள். கோகுல்நாத் பெருக்கிக் கூட்டி, மெஷின் சீட்டோடு ஒட்டிப் பார்த்தான். காலைச் சில்லறையையும் சேர்த்து, ஒரு பைசா பிசகவில்லை. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். கள்ளி என்று முதலில் சொன்னவர்களே உரக்கக் கை தட்டினார்கள்.

கோகுல்நாத்துக்குப் படிப்பு வீண்போகவில்லை. அவனுக்குத்தான் முதலில் தோன்றியது. "அப்பா, நீங்க கம்மியா எழுதினீங்க, சரி. காசு பையிலதானே இருந்துச்சு? தினமும் ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கூட இருந்திருக்கோணும். ஆனா பேங்குல உங்க சீட்டுல இருக்கறது மட்டுந்தானே ஏறுது?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் முதல் ஆட்டோ டிரைவர் வரை எல்லாரும் ருக்குமணியைப் பார்த்தார்கள். அவள் கற்பூரப் பொட்டலத்தின் நூலை நிதானமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். வளையல்கள் மெல்லச் சத்தம் போட்டன.

"ஏனுங்க, என்ன பாக்கறீங்க? சீட்டுல இருக்கறத பேங்குல கட்டினேன். சீட்டுல இல்லாதது ஊட்டுக்குன்னு நெனச்சேன். பொண்டாட்டி கையில நேராக் குடுக்கக் கூச்சப்படற மனுசன், ஒவ்வொரு நோட்டுலயும் ஒண்ணை ஒளிச்சுக் குடுத்துவிடறாரேன்னு எத்தனை நாள் மனசு குளுந்து போயிருக்கேன் தெரியுங்களா?"

"அத்தனை வருசமா!"

"ஆயிரம் ரூவா நோட்டு இருந்தப்ப இன்னும் ஆசையா இருந்தீங்க."

"அத்தாயி மேல பழி விழுந்துச்சே, எண்ணூத்தி எண்பத்தெட்டு கொறயுதுன்னு தெனமும் ஊட்டுல பொலம்பினேனே, அப்பவாச்சும் சொல்லக் கூடாதா?"

"கொறயுதுன்னு சொன்னீங்க. எனக்குக் கூடுதான்னு நீங்க கேக்கவே இல்லியே" என்றாள் ருக்குமணி. வளையலையும் மகனையும் ஒரே பார்வையில் காட்டி, "காலேஜ் பீசு ஆகாசத்துல இருந்தா வந்துச்சு?" என்று சேர்த்துக்கொண்டாள். கோகுல்நாத் உடனே போனில் எதையோ அவசரமாகப் படிக்கத் தொடங்கினான்.

வாங்கிய கற்பூரத்தை வீணாக்கக் கூடாது என்பதால் எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். யாரும் எதற்கும் சத்தியம் பண்ணவில்லை.

சின்னுசாமி அத்தாயியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவர் வழக்கத்தில் இல்லை. ஆனால் அடுத்த வாரம் அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே நாற்காலிக்கு ஐந்தாவது சக்கரம். இனி கல்லாவை அவளும் எண்ணுவாள், ரோட்டைப் பார்த்து எண்ணுவாள், இருவரும் சீட்டில் கையெழுத்துப் போடுவார்கள் என்பது அவள் வைத்த நிபந்தனை. அதற்கு அவர் தலையாட்டிவிட்டார். கேமராவை அவர் மூலைக்குத் திருப்பி வைக்கச் சொன்னதற்கு மட்டும் கொஞ்சம் முனகினார்.

பொய்க் குற்றம் விலகியதும் அத்தாயிக்கு நிஜமான எதிரி ஒருத்தி முளைத்தாள். மஞ்சள் பை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சீட்டும் பணமும் அச்சாக ஒத்துப்போயின. அதைப் போன்ற ஏமாற்றம் ருக்குமணிக்கு வாழ்க்கையில் நேர்ந்ததில்லை. கடைக்கு போன் வந்தது.

"ஏனுங்க அத்தாயி, எண்ணறப்ப லாபஞ் சொல்றீங்களா, இல்லியா? அது சொல்லாம உட்டா யாவாரத்துக்கு ஆகாதுங்க."

"சொல்றனுங்க அம்மணி. சொல்லி, அதையும் எண்ணிப்போடறேன்."

எதிர்முனையில் போன் கொஞ்சம் வேகமாகவே வைக்கப்பட்டது.

மறுநாள் காலை சுருக்குப்பை வந்தது. அதுவரை அதை யாரும் எண்ணியதில்லை. வீட்டிலிருந்து வருவதை எண்ணுவதா என்ற கௌரவம்தான். அத்தாயி முடிச்சை அவிழ்த்து மேசைமேல் கொட்டினாள். வழக்கமாக ஐம்பது எட்டும், இருபது பதினைந்தும், பத்து இருபதும் வரும் என்று ருக்குமணியே சொல்லியிருக்கிறாள். இப்போது ஐம்பது ஏழு, முந்நூற்று ஐம்பது. இருபது பதினாலு, இருநூற்று எண்பது. பத்து பத்தொன்பது, நூற்றுத் தொண்ணூறு. ஐந்து ரூபாய் பதினொன்று, ஐம்பத்தைந்து. இரண்டு ரூபாய் பதினாலு, இருபத்தெட்டு. ஒரு ரூபாய் ஒன்பது. கூட்டினால் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.

"மொதலாளி, எண்பத்தெட்டு கொறயுதுங்க" என்றாள்.

சின்னுசாமி பஸ்ஸில் மூடிய கண்ணை அப்போதுதான் திறந்திருந்தார். அடுக்குகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒன்று. யார், எப்படி, எதற்கு என்று விசாரிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. வீட்டில் இதைப் பற்றிப் பேசும் உத்தேசமும் இருக்கவில்லை.

"தொள்ளாயிரத்துப் பன்னெண்டுன்னே எழுதிக்கட்டுங்களா?" என்று பேனாவைத் திறந்தாள் அத்தாயி.

"இரு, இரு. எழுதாத கண்ணு."

சட்டைப்பையில் கையை விட்டு ஐம்பது ஒன்று, இருபது ஒன்று, பத்து ஒன்று, பிறகு தேடித் துழாவி ஐந்து, இரண்டு, ஒரு ரூபாய்க் காசு என்று எடுத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் சட்டைப்பை கனமாகத்தான் மலையேறுகிறது.

அன்று ஐம்பதை முதலில் மேசையில் வைத்தபோது, பழக்கதோஷத்தில் கண் மூடிக்கொண்டது. உதடு குவிந்தது. அத்தாயி நாற்காலியை ஐந்து சக்கரத்தில் அரை வட்டம் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னுசாமி கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணு" என்றார்.